பணி நிறைவு விழாவில் வாசிக்க ஐந்து நிமிட உரை: திட்டிக்கொண்டே இருந்த அக்காவுக்கு என்ன எழுதுவது?

பதிவறை எலி | 12.06.2025, இரவு 9.15

எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் இந்த மாதம் 30-ஆம் தேதி ஓர் அக்கா ஓய்வு பெறுகிறார். 1988-ல் தட்டச்சராக வந்தவர், இப்போது உதவியாளர். நடுவில் மாறுதலில் போய் வந்ததைத் தவிர்த்தால் பெரும்பகுதி இங்கேதான். பாராட்டு உரையை எழுதி வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. சுதந்திர தினத்தன்று மைக் பிடித்ததுதான் நான் செய்த குற்றம். ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் "சிரித்த முகம், சளைக்காத உழைப்பு, அலுவலகத்தின் தூண்" என்றுதான் பேனா போகிறது. போன மாதம் ஓய்வு பெற்ற இரவுக் காவலருக்கும் இதே மூன்றைத்தான் சொன்னார்கள். போதாக்குறைக்கு அக்கா சிரித்த முகமே கிடையாது, நன்றாகத் திட்டுவார். ஆனால் அவர் போவது எல்லோருக்கும் உறுத்துகிறது. இதை எப்படி எழுதுவது?

தேனிக் கவிராயர் | 12.06.2025, இரவு 10.02

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருபத்து நான்கு வரியில் ஒரு வாழ்த்து மடல் எழுதுங்கள், எதுகை மோனையோடு. அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போடுங்கள். அதையே மேடையில் வாசித்துச் சட்டத்தைக் கையில் கொடுங்கள். ஒரே வேலையில் இரண்டும் முடியும். நான் இதுவரை எழுதிய மடல்களுக்குக் கைத்தட்டல் வராத விழா இல்லை.

பதிவறை எலி | 12.06.2025, இரவு 10.20

மடலைச் சங்கத்தில் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் ஐயா, அச்சகத்தில் அவர்களிடமே வாசகம் தயாராக இருக்கிறதாம், பெயரை மட்டும் மாற்றுவார்களாம்.

பழைய ஜமாபந்தி | 13.06.2025, காலை 6.10

நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட விழாக்களில் வாசித்தும் இருக்கிறேன், முன்வரிசையில் உட்கார்ந்து நெளிந்தும் இருக்கிறேன். கவிராயர் சொல்வதில் பாதி சரி. மோனை காதுக்கு நல்லது, கைத்தட்டலும் வரும். ஆனால் மடல் வீட்டுச் சுவருக்கானது. அதில் "பொறுமையின் சிகரமே" என்று இருந்தால் பத்து வருடம் கழித்துப் பேரன் படித்துச் சந்தோஷப்படுவான். அதையே மேடையில் சொன்னால், அவரோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர்கள் கீழே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. "அக்கா எப்படிப்பட்டவர்" என்று யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டால் தூண், சிகரம் என்றுதான் வரும். "அக்கா இல்லாமல் போயிருந்தால் எந்த வேலை கெட்டிருக்கும்" என்று கேளுங்கள். ஓட்டுநரிடம் கேளுங்கள், அலுவலக உதவியாளரிடம் கேளுங்கள், அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவரிடம் கட்டாயம் கேளுங்கள். கிடைப்பதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி உரையைக் கட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு சம்பவத்துக்குத்தான் இடம், இரண்டு போட்டால் இரண்டுமே நிற்காது.

நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு சொல்தான் போகும். ஆகவே நானூறு சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள்.

நெல்லை மருமகள் | 13.06.2025, காலை 11.30

என் மாமனாருக்கும் அடுத்த மாதம் ஓய்வு, கருவூலத்தில் வேலை. பிறந்த தேதி 1.7.1965. ஜூலை 31 என்று போட்டு அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கப் போகிறோம். அதில் "பணி நிறைவு" என்று போடுவதா "ஓய்வு" என்று போடுவதா? அழைப்பிதழ் மாதிரி இருந்தால் போடுங்கள்.

பழைய ஜமாபந்தி | 13.06.2025, காலை 11.52

அம்மா, அச்சகத்துக்கு உடனே போன் போடுங்கள்! மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவருக்கு முந்தைய மாதக் கடைசி நாளோடு பணி முடிகிறது. உங்கள் மாமனார் ஜூன் 30-ஆம் தேதியே வெளியே வருகிறார். பணிப்பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெல்லை மருமகள் | 13.06.2025, மதியம் 1.05

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் யாரும் கேட்கவில்லை என்கிறார். மண்டபம் மாற்ற ஓடிக்கொண்டிருக்கிறேன், நன்றி.

பதிவறை எலி | 16.06.2025, இரவு 9.40

பழைய ஜமாபந்தி ஐயா சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். கிடைத்ததைக் கொட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

முதலில் அலுவலக உதவியாளர் அண்ணன். அவர் சொன்னது ஸ்டென்சில் காலம். இளைஞர்களுக்குத் தெரியாது, எனக்கே தெரியாது. மெழுகு பூசிய தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் மாட்டி, ரிப்பனில் படாதபடி விசையை மாற்றி வைத்து அடிப்பார்களாம். எழுத்து தாளை வெட்டிக்கொண்டு போகும். அந்தத் தாளை உருளையில் மாட்டி மை தடவிக் கையால் சுற்றினால் நூறு பிரதி. எழுத்து ஒன்று தப்பினால் சிவப்பாக ஒரு திரவத்தைத் தொட்டு அந்த இடத்தை அடைத்து, ஊதி, காயவிட்டு, அதே இடத்துக்கு உருளையைக் கொண்டுவந்து மறுபடி அடிக்க வேண்டும். காயும் முன்னால் அடித்தால் தாள் கிழியும், முழுப் பக்கமும் போச்சு. "உங்க அக்கா அந்தச் சிவப்பு பாட்டிலை மேசை மேலயே வைக்காது, பீரோவுக்குள்ள வச்சிருக்கும்" என்றார் அண்ணன். கையெட்டும் தூரத்தில் இருந்தால் தப்பு அடிக்கத் தைரியம் வந்துவிடும் என்பாராம்.

அடுத்து நில அளவர் ஒருவர். அவரிடம் கிடைத்ததுதான் பெரிது. வீட்டுமனைப் பட்டாவுக்குப் பயனாளிகள் பட்டியல் தயாராகிறது. மறுநாள் விழா, மேலே இருந்து நெருக்கடி. பட்டியல் கையெழுத்துக்குப் போக வேண்டிய நேரத்தில், ஒப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்திருக்கிறார். ஒருவர் வரைவை வாய்விட்டு வாசிக்க வேண்டும், இன்னொருவர் தட்டச்சு செய்ததில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், இதுதான் அவர் வழக்கம். அப்படி வாசித்துக்கொண்டு போனபோது ஓர் இடத்தில் உட்பிரிவு "3அ" என்பதற்குப் பதில் "3ஆ" என்று இருந்திருக்கிறது. 3ஆ வண்டிப்பாதைப் புறம்போக்கு. வரைவிலேயே தப்பு, அக்கா அடித்ததில் இல்லை. அப்படியே போயிருந்தால் ஒரு குடும்பத்துக்குக் கையில் பட்டா இருக்கும், போய் நின்றால் நடுரோடு.

அன்று அவர் சத்தம் போட்டதை நில அளவர் இன்னும் மறக்கவில்லை: "நம்பர்ல அவசரப்படாதீங்கப்பா, இது ஒருத்தர் வீடு."

தேனிக் கவிராயர் | 16.06.2025, இரவு 10.15

சரி, தோற்றேன். இந்த ஒரு வரிக்கு முன்னால் என் இருபத்து நான்கு வரி நிற்காது. ஆனால் கடைசியில் நான்கு வரி பாட்டு இருந்தால் நன்றாக இருக்கும் என்பதை மட்டும் விடமாட்டேன்.

பதிவறை எலி | 18.06.2025, காலை 7.20

பேருந்தில் இருந்து எழுதுகிறேன். இரண்டு சந்தேகம்.

ஒன்று, ஓய்வு வயது. 58 என்றே இருந்திருந்தால் அக்கா 2023-லேயே போயிருப்பார். "அரசு எங்களுக்குக் கூடுதலாகத் தந்த இரண்டு வருடம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன், எனக்கே பிடித்திருக்கிறது.

இரண்டு, அக்காவுக்குப் பதவி உயர்வு தாமதமானது. பழைய கதை, ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை, கடைசியில் கைவிடப்பட்டது. அதற்குள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் உரை பொய் மாதிரி இருக்கிறது. சொன்னால் விழா வேறு பக்கம் போய்விடும்.

குரூப்4 காத்திருப்பு | 18.06.2025, காலை 8.05

உங்களுக்கு அது கூடுதல் இரண்டு வருடம், எங்களுக்கு இரண்டு வருடக் காலிப்பணியிடம். 2021-ல் வயதை நேரே 60 ஆக்கியபோது நான் கல்லூரியில் இறுதியாண்டு. மேடையில் அந்த வரியைச் சொல்லும்போது கீழே எங்களைப் போன்ற பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரும் இருப்பார்கள், யோசியுங்கள். அக்கா மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

பழைய ஜமாபந்தி | 18.06.2025, இரவு 8.30

தம்பி, நேரே 60 ஆகவில்லை. 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவிப்பு வந்தது. ஆனால் நீங்கள் சொல்லும் வருத்தம் நியாயம். எலி, அந்த வரியை எடுத்துவிடுங்கள். அரசாணையைப் பாராட்டு உரையில் கொண்டுவந்தால் அதோடு சேர்ந்து அரசியலும் வரும்.

பதவி உயர்வு விஷயத்தில், அக்காவிடமே கேளுங்கள். அவர் விழா, அவர் காயம். என் கருத்தைக் கேட்டால், பெயர் சொல்லாமல் காரணம் சொல்லாமல் ஒரே வாக்கியம் போதும். இன்னொன்றும் சொல்கிறேன். ஓய்வு பெற அனுமதிக்கும் ஆணை கைக்கு வரும் வரை விழாவைத் தொடங்காதீர்கள். மாலை கட்டி வைத்துவிட்டு ஆணைக்காகக் காத்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

நெல்லை மருமகள் | 18.06.2025, இரவு 9.10

நான் ஒன்று சொல்லலாமா? வீட்டுக்காரியாகச் சொல்கிறேன். "இனிமேல் நிம்மதியாக வீட்டில் ஓய்வெடுங்கள்" என்று பெண்களிடம் சொல்லாதீர்கள். என் சித்தி விழாவில் ஒவ்வொருவராக வந்து அப்படிச் சொன்னார்கள். வீட்டில் அவருக்குக் காத்திருந்தது இரண்டு பேரக்குழந்தையும் படுக்கையில் மாமியாரும். ஓய்வு என்றால் ஆபீஸ்தான் ஓய்வு என்று சித்தி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பதிவறை எலி | 19.06.2025, இரவு 10.45

அக்காவிடம் கேட்டேன். "என்னத்தையாவது வாசி, அழுவற மாதிரி வாசிக்காதே" என்றார். குறிப்பாணை பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வரி சொல்லு. அதுக்கு மேல சொன்னா மைக்கைப் புடுங்கிடுவேன்."

பதிவறை எலி | 22.06.2025, மாலை 5.30

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. வரைவை வாசித்துப் பாருங்கள், வாய்விட்டு. கம்ப்யூட்டர் பத்தியை வேண்டுமானால் வெட்டலாம் என்று தனியாக அடைத்து வைத்திருக்கிறேன்.

*வட்டாட்சியர் அவர்களே, அலுவலக நண்பர்களே, அக்காவின் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.*

*ஒரு மாலை நேரம். மறுநாள் பட்டா வழங்கும் விழா. பட்டியல் தயார். கையெழுத்து வாங்க ஆள் நிற்கிறார். வெளியே வண்டி நிற்கிறது. ஒரே ஒருவர் மட்டும் பட்டியலைக் கொடுக்க மறுக்கிறார். "ஒப்பிடாமல் போகாது" என்கிறார். ஒருவர் வாசிக்கிறார். இவர் விரல் வைத்துப் பார்க்கிறார். பாதிப் பக்கத்தில் விரல் நிற்கிறது. ஓர் எழுத்து. அ இருக்க வேண்டிய இடத்தில் ஆ.*

*அந்த ஓர் எழுத்தில் ஒரு குடும்பத்தின் வீடு வண்டிப்பாதைக்குப் போயிருக்கும். போகவில்லை. அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை இது தெரியாது. யார் தடுத்தார் என்றும் தெரியாது. அவர் இதோ, மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்.*

*அக்கா இந்த வேலைக்கு வந்தது எண்பத்தெட்டில். அப்போது இங்கே கம்ப்யூட்டர் இல்லை. ஸ்டென்சில் தாள். ஒரு தப்பு என்றால் சிவப்பு மருந்து வைத்து, ஊதி, காயவைத்து, மறுபடி அடிக்க வேண்டும். அந்த மருந்துப் புட்டியை அக்கா பீரோவில் வைத்துப் பூட்டுவாராம். தப்பு செய்துவிட்டுத் திருத்துவதை விட, தப்பு செய்யாமல் இருப்பது சுலபம் என்பது அவர் கணக்கு.*

*[பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு அறையில் அடித்த தமிழ் அடுத்த அறையில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலம் அது. எழுத்துரு மாறிப் போன கோப்புகளை எல்லோரும் அக்காவிடம்தான் கொண்டுபோனோம். அவர் நம்மைத் திட்டிக்கொண்டே முழுவதையும் திரும்ப அடித்துக் கொடுத்தார். திட்டியது நினைவிருக்கிறது. அடித்துக் கொடுத்ததும் நினைவிருக்கிறது.]*

*ஆமாம், அக்கா திட்டுவார். இங்கே திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால் கை தூக்கலாம். (நிறுத்தம்.) ஐயா, நீங்களும் தூக்க வேண்டாம்.*

*ஆனால் அவர் எதற்குத் திட்டினார்? தாமதமாக வந்ததற்கு இல்லை. டீ குடிக்கப் போனதற்கு இல்லை. எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துக்கு வைத்ததற்குத் திட்டினார். "நம்பர்ல அவசரப்படாதீங்கப்பா, இது ஒருத்தர் வீடு." இந்த வரியை நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே கேட்டேன்.*

*அக்காவுக்கு வர வேண்டியது சில நேரம் தாமதமாக வந்தது. அந்த நாட்களிலும் ஒரு கோப்பு அவர் மேசையில் தாமதமானதில்லை.*

*அக்காவின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ஜமாபந்தி நாட்களில் அவர் எத்தனை மணிக்கு வீடு வந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த நேரமெல்லாம் நீங்கள் எங்களுக்குத் தந்தது. நன்றி.*

*அக்கா, நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் நாற்காலியில் வேறொருவர் இருப்பார். அவரிடம் நாங்கள் முதலில் சொல்லப்போவது, ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க வேண்டும் என்பதைத்தான். நீங்கள் நல்ல உடல்நலத்தோடு, விரும்பியதை விரும்பிய நேரத்தில் செய்துகொண்டு, நீண்ட காலம் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். வந்து திட்டுங்கள். வணக்கம்.*

பழைய ஜமாபந்தி | 22.06.2025, இரவு 8.15

நன்றாக வந்திருக்கிறது. சம்பவத்தில் தொடங்கியதும் யார் என்று பின்னால் சொன்னதும் சரி. வாக்கியங்கள் குட்டையாக இருப்பதால் மைக்கில் தெளிவாகக் கேட்கும்.

"ஒரு கோப்பு தாமதமானதில்லை" என்பதை மட்டும் மாற்றுங்கள். அப்படி ஓர் உதவியாளர் வருவாய்த் துறையில் இதுவரை பிறக்கவில்லை. தன்பதிவேட்டைப் பார்க்கும் கண்காணிப்பாளர் முன்வரிசையில் இருந்து சிரிப்பார், அந்த இடத்தில் உங்கள் உண்மையான வரி வீணாகும். "அந்த நாட்களிலும் அவர் ஒப்பிட்டுப் பார்ப்பதை நிறுத்தவில்லை" என்று வையுங்கள்.

அப்புறம் தாள் விஷயம். பதினாறு புள்ளி எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்செடுங்கள். எந்த வாக்கியமும் பாதியில் அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. தாள்களை நூலால் கோக்காதீர்கள், படித்ததை ஓரமாக நகர்த்தினால் சத்தம் வராது. "எண்பத்தெட்டில்" என்று எழுத்தில் எழுதியது நல்லது. எண்ணில் இருந்தால் மேடை பதற்றத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து என்று ஆரம்பித்து மூச்சு வாங்குவீர்கள்.

தேனிக் கவிராயர் | 22.06.2025, இரவு 9.00

"அவர் இதோ, மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்" என்பதற்குப் பிறகு மூன்று எண்ணும் அளவு நிறுத்துங்கள். கைத்தட்டல் அங்கேதான் வரும். நிறுத்தாமல் ஓடினால் தட்டலாமா வேண்டாமா என்று கூட்டம் குழம்பும். கைதூக்கும் நகைச்சுவை உங்கள் வட்டாட்சியரின் குணத்தைப் பொறுத்தது, நான் பொறுப்பில்லை. கடைசியில் பாட்டு இல்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

குரூப்4 காத்திருப்பு | 22.06.2025, இரவு 9.25

அந்த இரண்டு வருட வரியை எடுத்ததற்கு நன்றி. பதவி உயர்வு வரி எனக்கு இன்னும் போதாது என்றுதான் படுகிறது. தாமதமாக "வந்தது" என்றால் தானாக நடந்த மாதிரி இருக்கிறது. யாரோ தாமதப்படுத்தினார்கள் இல்லையா?

பதிவறை எலி | 22.06.2025, இரவு 9.50

ஆமாம். அந்த யாரோ முன்வரிசையில் இருக்கவும் வாய்ப்பிருக்கிறது. அக்கா ஒரு வரி என்றார், ஒரு வரியோடு நிற்கிறேன். உங்களுக்குச் சரியாகப் படாவிட்டால் அது நியாயம்தான்.

பதிவறை எலி | 01.07.2025, இரவு 8.40

முடிந்தது. ஆணை வர மாலை ஐந்தரை ஆனது. அதுவரை அக்கா பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்தார், மாலை நேர வெளிச்சத்தில் ஒவ்வொரு கோப்பு எண்ணையும் புதியவரை வாசிக்கச் சொல்லி, தான் பதிவேட்டில் விரல் வைத்துப் பார்த்து. விழா தொடங்கியதே ஆறரைக்கு.

எனக்கு முன்னால் பேசியவர் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு, பட்டா சம்பவத்தையும் தொட்டுவிட்டுப் போனார். உட்பிரிவு எதுவும் சொல்லவில்லை, "ஒருமுறை பெரிய தவறைத் தடுத்தார்" என்ற அளவுக்குத்தான். எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் வாசிக்கும்போது தெரிந்தது, அவர் பொதுவாகச் சொன்னதால் நான் விவரமாகச் சொன்னபோது கூட்டம் இன்னும் கவனமாகக் கேட்டது. கம்ப்யூட்டர் பத்தியை வெட்டினேன், நேரமில்லை. கவிராயர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன், கைத்தட்டல் வந்தது. கைதூக்கும் இடத்தில் வட்டாட்சியர் நிஜமாகவே கையைத் தூக்கிவிட்டு அக்காவைப் பார்த்து இறக்கினார், அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

பதவி உயர்வு வரிக்கு ஒருவரும் அசையவில்லை. அக்கா மட்டும் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். சரியாக இருந்ததா என்று அவரிடம் கேட்கவில்லை.

நெல்லை மருமகள் | 01.07.2025, இரவு 9.15

எங்கள் விழாவும் நேற்று நடந்துவிட்டது, வேறு மண்டபத்தில். யாரும் உரை எழுதி வரவில்லை, ஆளுக்கு ஒரு சால்வை போட்டார்கள். மாமனார் இப்போது சால்வைகளை யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் போடுகிறார்.

குரூப்4 காத்திருப்பு | 03.07.2025, மதியம் 12.20

என் பெரியப்பா அரசு ஜீப் ஓட்டுநர், செப்டம்பரில் ஓய்வு. அங்கே என்னை எழுதச் சொல்கிறார்கள். இதே உரையில் பெயரை மாற்றிப் போடலாமா?

பதிவறை எலி | 03.07.2025, மதியம் 1.00

அச்சகத்து மடல் மாதிரி ஆகிவிடும். பெரியப்பாவின் வண்டி லாக் புத்தகத்தைக் கேட்டு வாங்கு. அதிகக் கிலோமீட்டர் ஓடிய நாள் எது, அன்று எங்கே போனார், யாரை ஏற்றிப் போனார் என்று அவரிடமே கேள். வெள்ள நேரத்தில் எந்தப் பாலத்தில் வண்டியை விட மறுத்தார் என்றும் கேள், ஓட்டுநர்களிடம் அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். எழுதியதும் இங்கே போடு, வாசித்துப் பார்க்கிறோம்.